கடிதம் போனது, பணம் திரும்பிப் போனது: ஒரு கல்வி நிதிக் கடிதத்தின் கதை

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே அரசு உதவிபெறும் மேல்நிலைப்பள்ளி ஒன்று, அதற்கு ஒரு முன்னாள் மாணவர் சங்கம். தெருவுக்கு நாலு பேர் சிங்கப்பூரிலோ துபாயிலோ தம்மாமிலோ இருக்கிற ஊர் அது. பத்துப் பதினைந்து பேர் அமெரிக்கா, கனடா போய்க் குடியேறியும் விட்டார்கள். 2023 ஜூனில் சங்கம் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பி, ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் மேலே படிக்க நிதி கேட்டது. அது சரியாகப் போகவில்லை. 2024 பிப்ரவரியில் வேறு மாதிரி எழுதி மறுபடி அனுப்பியது. அது ஓரளவு போனது. சங்கப் பொருளாளருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறவன் என்ற முறையில் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஊர், பள்ளி, ஆள் பெயர் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

முதலில் இந்த நிதிக்கு என்ன தேவை இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் கடிதத்தில் அதுவே இல்லை.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. எஞ்சினியரிங் போன்ற தொழிற்படிப்புகளில் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021இல் அறிவித்தார்கள். ஆனால் அது அரசுப் பள்ளிக்கு மட்டும். அரசு உதவிபெறும் பள்ளிக்கு இல்லை. அதே ஊர், அதே தெரு, அதே கூலி வேலை செய்கிற அப்பா. பிள்ளை இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கிடைத்திருக்கும், இந்தப் பள்ளியில் படித்ததால் கிடைக்காது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே என்றால், 2023இல் அதுவும் அரசுப் பள்ளி மாணவிகளுக்குத்தான்.

அப்புறம், கல்விக் கட்டணம் என்பது பல பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கலே இல்லை. கவுன்சிலிங்கில் சேர்ந்த முதல் பட்டதாரி என்றால் அதில் சலுகை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பணம் வரச் சில மாதம் ஆகும், விடுதி முன்பணமோ சேருகிற அன்றைக்கே கட்டவேண்டும். மெஸ் பில் மாதாமாதம் வரும். இந்தப் பள்ளியில் படித்துச் சீட்டும் கிடைத்து, முதல் வருஷத்தின் நடுவில் படிப்பை விட்டு வந்த பிள்ளைகளைத் தலைமையாசிரியர் கேட்டுப் பார்த்தபோது, ஒருவர்கூட ட்யூஷன் ஃபீஸைக் காரணம் சொல்லவில்லை. மெஸ் பாக்கி, விடுதியை விட்டு வெளியே வந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தது, அரியர், அப்புறம் திருப்பூர். இதுதான் வரிசை.

முதல் கடிதம்

சங்கத் தலைவர் எழுதிக்கொடுத்தது, ஏ4 தாளில் ஒன்றரைப் பக்கம். பள்ளியின் வரலாறு முதல் மூன்று பத்திகள். பிறகு இப்படி ஒரு வரி: "டாலரிலும் திர்ஹமிலும் சம்பாதிக்கும் நீங்கள், நீங்கள் படித்த பள்ளியின் ஏழை மாணவர்களின் கல்விக் கட்டணத்திற்குத் தாராளமாக நிதி வழங்கி உதவுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." அதற்குக் கீழே வங்கிக் கணக்கு எண், "80ஜி வரிவிலக்கு உண்டு" என்று தடித்த எழுத்தில், "துபாய், சிங்கப்பூர் நண்பர்கள் தங்கள் பகுதியில் உள்ளவர்களிடம் வசூலித்து மொத்தமாக அனுப்பலாம்" என்று ஒரு குறிப்பு. கடைசியில் செயற்குழு உறுப்பினர் அத்தனை பேர் பெயர். கூடவே ஒரு மாணவியின் படம், அவள் பெயர், மதிப்பெண், "தந்தை குடிப்பழக்கத்தால் வேலைக்குச் செல்வதில்லை" என்று ஒரு வரி.

கிட்டத்தட்ட 180 பேருக்குப் போனது. பணம் அனுப்பியவர்கள் 11 பேர். அந்தப் பதினொன்றிலும் இரண்டு தொகை சங்கத்துக்குத் தங்கவில்லை. எல்லோரும் முதலில் சொன்ன காரணம், "வெளிநாடு போனதும் ஊரை மறந்துட்டாங்க". நான் அப்படி நினைக்கவில்லை. பதில் எழுதியவர்கள் பணம் கொடுத்தவர்களைவிட மூன்று மடங்கு இருந்தார்கள். அத்தனை பேரும் ஏதோ ஒன்றைக் கேட்டிருந்தார்கள். கடிதத்தில் அதற்குப் பதில் இல்லை. குழுவில் யாரும் சொல்லவும் இல்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது.

தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற ஒருவர் செயலாளருக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நமக்கு டாலர் எல்லாம் இல்லண்ணே. சம்பளத்துல வீட்டுக்கு அனுப்புனது போக மாசம் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்னா என்னால முடியும். தாராளமான்னு போட்டிருக்கீங்க, அந்தப் பணத்தை எப்படி அனுப்புறதுன்னே கூச்சமா இருக்கு." இதைக் கேட்டபிறகுதான் பட்டியலையே ஒழுங்காகப் பார்த்தோம். 180 பேரில் பாதிக்கு மேல் இவரைப் போன்றவர்கள். சிங்கப்பூரில் கட்டட வேலை, வளைகுடாவில் டிரைவர், எலக்ட்ரீஷியன், கடையில் வேலை. ஒரு சில ஐடி ஆட்களை மனதில் வைத்து எழுதிய கடிதம் மற்ற அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டது. இதில் இன்னொன்று, கடிதம் போனது ஜூன் மாதம். வளைகுடாவில் பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு ஊருக்கு வர டிக்கெட் போடுகிற மாதம் அது, டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும். கையில் காசு இல்லாத நேரம் பார்த்துக் கேட்டிருக்கிறோம்.

மாணவியின் படம் வேறு ஒரு தலைவலி. ஊர் சின்னது, முன்னாள் மாணவர் என்றால் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சொந்தம். சிங்கப்பூரில் இருந்து அந்தப் பெண்ணின் மாமாவே கூப்பிட்டு, என் மச்சானைப் பற்றி ஊரெல்லாம் கடிதம் போடுகிறீர்களா என்று சத்தம் போட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அந்தப் பெண் எங்கள் உதவியே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பாஸ்போர்ட் என்ன நிறம்

இதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற பணம் எல்லாம் வெளிநாட்டு நன்கொடை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 (சங்கங்களில் எல்லோரும் எஃப்.சி.ஆர்.ஏ. என்றுதான் சொல்வார்கள்) பார்ப்பது பணம் எங்கிருந்து கிளம்புகிறது என்பதை அல்ல, கொடுக்கிறவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒருவர் துபாயில் இருபது வருஷமாக இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சங்கம் தாராளமாக வாங்கலாம். ஆனால் அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டவர் கொடுத்தால், இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா கொடுக்கிற ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தாலும் சரி, அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அதை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ வேண்டும். எங்கள் சங்கத்துக்கு இரண்டும் கிடையாது, அந்த அளவு சங்கம் எதற்கும் இருக்காது.

இதில் நிறையப் பேர் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ரூபாயாகக் கொடுத்தால் பரவாயில்லை என்று நினைப்பது. பரவாயில்லை கிடையாது. வெளிநாட்டுக் குடிமகன் ஊருக்கு வந்தபோது பள்ளி விழாவில் ஐந்தாயிரம் ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்தாலும், வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கிற ரூபாய்க் கணக்கான என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து அனுப்பினாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பே.

எங்களுக்கு வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து இப்படி இரண்டு தொகை வந்தன. அமெரிக்காவில் இருந்து ஒருவர் நேரே தன் வங்கியிலிருந்து டாலராக அனுப்பினார், ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சமமான தொகை. நம் வங்கிக் கிளை அதைக் கணக்கில் வைக்காமல், எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எண் என்ன என்று கேட்டுக் கடிதம் அனுப்பியது. இல்லை என்றதும் பணம் திரும்பிப் போனது, நடுவில் இருந்த வங்கிகளின் கட்டணம் போகக் குறைந்த தொகைதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது. அவருக்கு எரிச்சல். என்ன செய்வது. ஆனால் ஒரு வகையில் இது நல்லது, வங்கியே வாசலில் நிறுத்திவிட்டது.

இன்னொன்றுதான் ஆபத்தானது. வேறு ஒருவர் என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து 25,000 ரூபாயை அனுப்பினார். மதுரைக் கிளை ஒன்றில் இருக்கிற கணக்கு, ரூபாய், சாதாரண நெஃப்ட். வங்கிக்கு அது உள்ளூர்ப் பணமாகத்தான் தெரியும். யாரும் எதுவும் கேட்கவில்லை. வருஷ முடிவில் ஆடிட்டர் நன்கொடையாளர் பட்டியலைத் தயார் பண்ணும்போதுதான் மாட்டியது. 80ஜி சான்று கொடுக்கிற சங்கம் யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை அடையாள எண்ணோடு வருமான வரித்துறைக்கு 10பிடி படிவத்தில் மே 31க்குள் கொடுக்கவேண்டும். அதற்குப் பான் எண் இல்லாதவர்களிடம் பாஸ்போர்ட் எண் கேட்டிருந்தோம். இந்தியப் பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமும். இவர் அனுப்பியது வெறும் ஒன்பது இலக்கம். ஆடிட்டர் பார்த்த உடனேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இவர் எந்த நாட்டுக்காரர்?" என்று கேட்டார்.

பணத்தை வந்த கணக்குக்கே திருப்பி அனுப்பி, செயற்குழுத் தீர்மானத்தில் அதைப் பதிவு செய்தோம். திருப்பிக் கொடுத்துவிட்டால் வாங்கியதே இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் ஆடிட்டர் அழுத்திச் சொன்னார். எஃப்.சி.ஆர்.ஏ. மீறலுக்குச் சிறைத் தண்டனைவரை சட்டத்தில் இடம் உண்டு. நம்மைப் போன்ற ஊர்ச் சங்கத்தை யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று ஒருவர் சொன்னார், ஆடிட்டர் பதிலே சொல்லவில்லை.

அப்படியானால் அமெரிக்காவில் இருப்பவர் தன் தம்பிக்கு அனுப்பி, தம்பி சங்கத்துக்குக் கொடுத்தால்? இதைக் கேட்காத கூட்டம் இல்லை. உறவினருக்கு அனுப்புவது தனி, அதில் தடை இல்லை. ஆனால் சங்கத்துக்குக் கொடுப்பதற்காகவே தம்பி பெயரில் சுற்றி விடுவது சட்டத்தை ஏமாற்றுவது, அந்தப் பேச்சு வாட்ஸ்அப்பில் எழுத்தில் இருந்தால் இன்னும் மோசம். ஆடிட்டர் மறுத்துவிட்டார். நானும் அவர் பக்கம்தான்.

எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எடுக்கலாமே என்றால், சங்கம் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருக்கவேண்டும், முந்தைய மூன்று நிதியாண்டில் தன் முக்கியப் பணிக்காகக் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்கவேண்டும். வருஷம் இரண்டு மூன்று லட்சம் புரளுகிற சங்கத்துக்கு அது எட்டாது. பதிவு கிடைத்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் டெல்லியில் நாடாளுமன்றச் சாலையில் இருக்கிற ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். ஏற்கெனவே பதிவு வைத்திருக்கிற வேறு அறக்கட்டளை வாங்கி எங்களுக்குத் தரலாமா என்றால் அதையும் அதே திருத்தம் மூடிவிட்டது; ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டுப் பங்களிப்பை இன்னொரு அமைப்புக்கு மாற்றக்கூடாது. அந்த அறக்கட்டளையே மாணவரைத் தேர்ந்தெடுத்துத் தானே உதவித்தொகை கொடுத்தால்தான் சரி.

வசூல் பண்ணி அனுப்புங்கள் என்ற வரி

முதல் கடிதத்தில் அப்பாவித்தனமாகப் போட்ட அந்த ஒரு வரிக்கு வருகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் இல்லாதவர் நன்கொடை திரட்டுவது குற்றம். 2021இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது, அபராதம் லட்சம் திர்ஹமைத் தாண்டும், இணையத்தில் கேட்பதும் இதில் அடங்கும். ஷார்ஜாவில் இருக்கிற ஒருவர் எங்கள் கடிதத்தைத் தன் அறைத்தோழர்கள் குழுவில் போட்டுவிட்டு, மேலாளர் சொன்னதும் பதறிப்போய் அழித்திருக்கிறார். ஊரில் உட்கார்ந்து ஒரு வரி எழுதுகிறவருக்கு ஒன்றும் ஆகாது, அங்கே வேலையும் விசாவும் போகிறவர் அவர். சிங்கப்பூரிலும் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதானால் அனுமதி வாங்கவேண்டும்.

அனுப்புகிற வழியிலும் சிக்கல் இருந்தது. "உண்டியல்ல போட்டுவிட்டுடுறேன், சாயந்திரம் வீட்டுக்கே ஆள் கொண்டாந்து கொடுத்துடுவான்" என்று இரண்டு பேர் சொன்னார்கள். எங்கள் பக்கம் ஹவாலாவுக்கு அதுதான் பெயர், சொல்லும்போது யாரும் குரலைக்கூடத் தாழ்த்துவதில்லை. அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்தியக் குடிமகன் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது என்ற விலக்கே வங்கி வழியாக வந்தால்தான் பொருந்தும், ஆக உண்டியலில் வந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. சிலர் பணப்பரிமாற்றக் கடையில் ரொக்கமாகக் கட்டி ஊரில் வாங்கிக்கொள்கிற முறையில் அனுப்பப் பார்த்தார்கள். அந்த முறையில் தனிநபருக்குத்தான் அனுப்பலாம், அறக்கட்டளைக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கி விதியே இடம் கொடுப்பதில்லை. கடைசியில் சிக்கல் இல்லாத வழி ஒன்றுதான் மிஞ்சியது: வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைக்கிற அவரவர் என்.ஆர்.ஈ. கணக்கு அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து நெஃப்ட் அல்லது யூ.பி.ஐ. சவூதி, அமீரகம், சிங்கப்பூர், அமெரிக்கா உட்படச் சில நாடுகளின் கைபேசி எண்ணை வைத்தே இந்தக் கணக்குகளில் யூ.பி.ஐ. தொடங்க 2023இல் அனுமதி வந்துவிட்டது.

80ஜி விஷயமும் சொல்லவேண்டும். தடித்த எழுத்தில் போட்டோமே, அதனால் ஒருவருக்கும் பெரிய பயன் இல்லை. இந்தியாவில் வரி கட்டுகிற வருமானம் இருந்தால்தான் அது உதவும். வாடகை, வைப்புநிதி வட்டி என்று ஏதாவது. அதிலும் புதிய வரிமுறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது. அமெரிக்க வரிக்கு நம் ஊர்ச் சங்க ரசீது செல்லாது. ஏமாற்றம்தான் மிச்சம்.

இரண்டாம் கடிதம்

இந்தத் தடவை தலைவர் எழுதவில்லை. செயலாளர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், தலைமையாசிரியர் மூவரும் உட்கார்ந்து ஒரு மாணவருக்கு முதல் வருஷம் உண்மையில் என்ன செலவு என்று எழுதிப் பார்த்தார்கள். முந்தைய வருஷம் போன பிள்ளைகளின் ரசீதுகளை வாங்கிப் போட்டது இது: விடுதி முன்பணம் 10,000, மெஸ் மாதம் 3,000 வீதம் பத்து மாதத்துக்கு 30,000, தேர்வுக் கட்டணமும் புத்தகமும் 6,000, படுக்கை, பை, கால்குலேட்டர், போக்குவரத்து என்று 4,000. ஆக மொத்தம் 50,000. அந்த வருஷம் இப்படிப்பட்ட தேவை உள்ள பிள்ளைகள் ஆறு பேர் இருப்பார்கள் என்று தலைமையாசிரியர் கணித்தார். மூன்று லட்சம். மாதம் ஆயிரம் ரூபாய் தருகிறவர்கள் இருபத்தைந்து பேர் கிடைத்தால் ஒரு வருஷத்தில் அந்த மூன்று லட்சம் வந்துவிடும். கடிதம் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறந்தது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் போன கடிதம் இது:

"அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

நம் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்து இந்த வருஷம் கல்லூரிக்குப் போகும் ஆறு பிள்ளைகளுக்கு விடுதிச் செலவுக்காக எழுதுகிறோம். நம் பள்ளி அரசு உதவிபெறும் பள்ளி என்பதால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைக்கும் கல்வி, விடுதிச் சலுகை இவர்களுக்கு இல்லை. கல்விக் கட்டணத்துக்கு வேறு வழி இருக்கிறது, அதற்கு நாங்கள் கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்கு முதல் வருஷ விடுதி, மெஸ், தேர்வுச் செலவு 50,000 ரூபாய். கணக்கு இணைப்பில் இருக்கிறது.

மாதம் 1,000 ரூபாய் வீதம் ஒரு வருஷம் தரக்கூடிய 25 பேர் தேவை. 500 முடிந்தாலும் சரி. இப்போது முடியாது என்றாலும் சரி, அதை யாரிடமும் சொல்லமாட்டோம். கொடுத்தவர் பட்டியல் எங்கும் வெளியிடப்படாது.

உங்கள் பெயரில் உள்ள என்.ஆர்.ஈ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து மட்டும் அனுப்புங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை ஒருமுறை பொருளாளருக்கு அனுப்புங்கள். நீங்கள் இந்தியக் குடிமகன் என்பதற்கு அதுதான் எங்களிடம் இருக்கவேண்டிய சான்று. ரொக்கம், உண்டியல், வேறொருவர் கணக்கு எதுவும் வேண்டாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள், எங்களுக்கு எழுதுங்கள்.

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். மற்றவர்களிடம் வசூல் செய்யவோ குழுக்களில் பகிரவோ வேண்டாம், சில நாடுகளில் அது உங்களுக்குத் தொல்லையாக முடியும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது தலைமையாசிரியரும், சங்கப் பொறுப்பில் இல்லாத இரண்டு ஆசிரியர்களும். பணம் விடுதிக்கே கட்டப்படும். பிள்ளைகளின் பெயரும் படமும் உங்களுக்கு வராது. டிசம்பரில் ஒரு கணக்கும் மே மாதம் ஒரு கணக்கும் வரும்.

செயலாளர், பொருளாளர்."

அவ்வளவுதான். பள்ளி வரலாறு இல்லை, தாராளம் இல்லை, 80ஜி இல்லை (கேட்டவருக்கு மட்டும் வரிக் கழிவுக்கான 10பிஇ சான்று உண்டு என்று சொன்னோம்). தலைவருக்குக் கொஞ்சம் வருத்தம், மொட்டையாக இருக்கிறது என்றார்.

பாஸ்போர்ட் நகல் கேட்டதற்கும் முணுமுணுப்பு வந்தது. ஆயிரம் ரூபாய் கொடுக்க பாஸ்போர்ட்டா என்று. உண்மையில் உள்துறை அமைச்சகமே தன் கேள்வி பதில் குறிப்பில், வெளிநாடுவாழ் இந்தியரிடம் நன்கொடை வாங்கும்போது பாஸ்போர்ட் விவரம் வாங்கிக்கொள்வது நல்லது என்று சொல்லியிருக்கிறது. அதைச் சொன்னதும் பெரும்பாலானோர் அனுப்பினார்கள். மூன்று பேர் அனுப்ப மறுத்தார்கள், அவர்கள் பணத்தை நாங்கள் வாங்கவில்லை. நகல்களைப் பொருளாளரின் கைபேசியில் வைக்கக்கூடாது, சங்க மின்னஞ்சலில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று ஒரு விதியும் போட்டுக்கொண்டோம்.

என்ன வந்தது

மாதம் ஆயிரம் என்று சேர்ந்தவர்கள் 19 பேர். அதில் 15 பேர் பன்னிரண்டு மாதமும் தந்தார்கள், 1,80,000. நாலு பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். ஒருவருக்கு வேலை போய்விட்டது, மற்றவர்களுக்கு என்ன என்று கேட்கவில்லை. அந்த நாலு பேரிடமிருந்து வந்தது 20,000. மொத்தமாகக் கொடுத்தவர்களிடமிருந்து 58,000. ஆக 2,58,000. மூன்று லட்சத்துக்கு 42,000 குறைவு. மாதாமாதம் வரவேண்டிய பணம் என்பதால் ஆரம்பத்திலேயே யோசித்து, ஆறு என்று சொன்னதை ஐந்தாகக் குறைத்துக்கொண்டார்கள். ஐந்து பிள்ளைகளுக்கு 2,50,000, மீதி 8,000 அடுத்த வருஷக் கணக்கில். டிசம்பர் கணக்கில் இதை அப்படியே எழுதினார்கள்: ஆறு பேருக்குக் கேட்டோம், ஐந்து பேருக்குத்தான் போதும், ஆறாவது பிள்ளைக்கு உள்ளூர்ப் பழைய மாணவர் ஒருவர் மெஸ் மட்டும் கட்டுகிறார்.

இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, 19 பேரில் 13 பேர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கையால் வேலை செய்கிறவர்கள். அந்த ஏசி மெக்கானிக் அண்ணன் முதல் ஆள். நிலையான உத்தரவு போட்டுவிட்டால் வங்கியே மாதாமாதம் அனுப்பிவிடும் என்பதால் சம்பளம் வந்த இரண்டாம் நாளே பணம் வந்துவிடும், நினைவூட்டலே தேவைப்படவில்லை. நின்றுபோன நாலு பேரும் கையால் யூ.பி.ஐ. போட்டுக்கொண்டிருந்தவர்கள், இதை அடுத்த கடிதத்தில் சேர்க்கவேண்டும்.

பிப்ரவரியில் அனுப்பியதும் உதவியது. விடுமுறை டிக்கெட் செலவுக்கு முன்னாலேயே கடிதம் கைக்குப் போய்விட்டது, கவுன்சிலிங் முடிந்து பிள்ளைகள் விடுதி முன்பணம் கட்டும் நேரத்துக்குள் கணக்கில் ஐந்தாறு மாதப் பணம் நின்றது. ஜூனில் கேட்டால் அந்தப் பணம் அந்த வருஷப் பிள்ளைக்குப் போய்ச் சேராது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்குத் தனிக் கடிதம் போனது, நாலே வரி. உங்களிடம் பணம் வாங்க எங்களுக்கு அனுமதி இல்லை, ஏன் இல்லை, வேறு என்ன செய்யலாம் என்று. இரண்டு பேர் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் கணக்கும் சி புரோகிராமிங்கும் சொல்லித்தர ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் தொடர்கிறார், ஒருவர் நேர வித்தியாசம் ஒத்துவராமல் விட்டுவிட்டார். டாலர் திரும்பிப் போன அந்த நண்பர் மட்டும் இன்னும் பதில் போடவில்லை.

கடிதம் போன பிறகு இன்னொரு மாற்றம் வந்தது. 2024-25 கல்வியாண்டிலிருந்து புதுமைப்பெண் திட்டம் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் வந்துவிட்டது, மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டம் ஆகஸ்டில் தொடங்கியது. செய்தியைப் பார்த்துவிட்டு உடனே கேட்டார்கள், அரசே மாதம் ஆயிரம் தருகிறதே, இன்னும் எதற்கு நாங்கள் என்று. நியாயமான கேள்வி. மெஸ் 3,000 என்றால் ஆயிரம் போக இரண்டாயிரம் இன்னும் வேண்டும், அதனால் அடுத்த வருஷத் தேவை ஒரு பிள்ளைக்கு 50,000 இல்லை, பத்து மாதத்துக்குப் பத்தாயிரம் குறைத்து 40,000 என்று டிசம்பர் கணக்கிலேயே போட்டுவிட்டார் கணக்கு வாத்தியார். தமிழ் வழியில் படிக்காத பிள்ளைக்கு மட்டும் பழைய 50,000. அந்த இரண்டு வரியையும் சேர்த்துத்தான் 2025 கடிதம் தயாரானது.